கரண்ட் போன இரவில் இரண்டு கேம் பெட்டிகள்



வெளிநாட்டிலிருந்து மச்சான் மகனுக்கு ஸ்டீம் டெக் கொண்டு வந்தார். வீட்டில் நிண்டெண்டோ சுவிட்ச் ஏற்கனவே இருக்கிறது. உரும்பிராயில் கரண்ட் போன ஓர் இரவு இரண்டையும் முழுச் சார்ஜோடு விளையாடிப் பார்த்தோம்.

டெக்கின் பற்றரி 40 வாட்-மணி, சுவிட்சினது 16 தான். ஆனாலும் டெக்தான் முதலில் அணைந்தது. பெரிய கேம் 20 வாட்டுக்கு மேல் இழுத்தால் 40 வாட்-மணி இரண்டு மணித்தியாலம்கூட வராதுதானே! சுவிட்ச் நாலு மணித்தியாலம் தாண்டியது. மறுநாள் டெக்கில் "..." பொத்தானை அழுத்தி Frame Limit ஐ 30 ஆக்கினோம். இழுவை 12 வாட்டளவுக்கு இறங்க, மூன்று மணித்தியாலம் ஓடியது.

கணினிக்கு ஸ்டீமில் வாங்கிய கேம்கள் பெரும்பாலும் டெக்கிலும் ஓடும். வாங்கமுதல் Verified அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கவேணும். சுவிட்சில் அந்தக் கவலை இல்லை, காட்டைப் போட்டால் சரி.

மகன் கேட்டதோ போர்ட்நைட். அது டெக்கின் SteamOS இல் ஓடாது, பழைய சுவிட்சில் ஓடுகிறது! பிள்ளை என்ன விளையாடப் போகுது என்று முதலில் கேட்டிருக்கலாம். அந்தப் பிழை எங்களுடையது.