பாவு ஒன்று, ஊடை ஒன்று

முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திக் காட்டி, "வாடையைப் பாருங்க, அசல் பட்டு" என்று சொல்லும் கடைக்காரர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பாதியைத்தான் சொல்கிறார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டேன்.

குஞ்சத்தில் தொங்குவது புடவையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல். அதன் குறுக்கே, நாடாவுக்குள் தாராக உட்கார்ந்து போய்வருவது ஊடை. இரண்டும் ஒரே நூலாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் தறிக்கு இல்லை. பாவில் பட்டையும் ஊடையில் பாலியெஸ்டரையும் ஓட்டினாலும் அது நெய்துகொடுக்கும். ஆகவே குஞ்சத்து நூல் எரிந்து பட்டு என்று நிரூபணமானால், பாவு பட்டு என்று மட்டும்தான் நிரூபணம்.

என்னிடம் ஒரு பை இருந்தது. அதில் அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி, ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர், பள்ளிக்கூடச் சீருடைச் சட்டையின் கிழிசல், கூடவே சித்தி கொடுத்தனுப்பிய மாம்பழ நிறப் புடவை. புடவையைப் பற்றித்தான் சித்திக்குச் சந்தேகம். பட்டு என்று சொல்லி விற்றார்கள், விலையும் பட்டு விலைதான். ஆனால் மடித்து வைத்தால் மடிப்பே விழவில்லை என்றாள்.

தறிக்காரப் பெரியவர் புடவையைக் கையில் வாங்கியதும் நெருப்பைத் தேடவில்லை. உடலின் ஒரு மூலையை உள்ளங்கையில் கசக்கிப் பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து விட்டார். துணி பொம்மென்று விரிந்து, கசங்கிய தடமே இல்லாமல் நின்றது. "பட்டுன்னா சுருக்கம் மெதுவாத்தான் போகும் தம்பி, கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இது கசங்கவே மாட்டேங்குது" என்றார். அடுத்து வேட்டியைக் கசக்கினார். அது கசங்கியது கசங்கியபடியே கிடந்தது, அதுதான் பருத்தி. ஸ்வெட்டர் மெல்ல உப்பி எழுந்தது.

பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். வேட்டியில் விட்டதும் உள்ளே போய்ப் பரவிவிட்டது. சீருடைத் துணியில் முத்தாக நின்று, சாய்த்ததும் உருண்டது. பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிக்காது. ஆனால் இந்தச் சோதனையை முழுக்க நம்ப முடியாது. கஞ்சியும் மெழுகுப் பூச்சும் உள்ள புதுப் பருத்தித் துணியிலும் தண்ணீர் சற்று நேரம் நிற்கும். மிருதுவாக்கும் பூச்சு ஏறிய பாலியெஸ்டரைத் தொட்டால் பட்டாகவே தோன்றும். காஸ்டிக் சோடாவில் பாலியெஸ்டரை அரித்து மெலிதாக்கும் வேலை ஆலைகளில் நடக்கிறது, பட்டுபோலக் குழைந்து விழவேண்டும் என்பதற்காகவே. கை சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். தீர்ப்பை அதனிடம் விட முடியாது.

தீ வைப்பதற்கு முன் அவர் செய்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ரவிக்கைத் துணி வெட்டிய ஓரத்தைத் தேடிப் பிடித்து, ஊசிமுனையால் ஓரத்து நூலை நெம்பி இழுத்தார். வெட்டிய விளிம்புக்கு இணையாகக் குறுக்கே கிடந்த நூல் முழுநீளத்துக்கு உருவிக்கொண்டு வந்தது. அதுதான் ஊடை. அப்படி நாலைந்து இழைகளை உருவியதும் விளிம்பில் சின்னக் குஞ்சம் போல் நின்றவை பாவு நூல்கள். உடல், பார்டர், முந்தானை மூன்றிலும் நூல் வேறுபடலாம் என்பதால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே எடுக்கச் சொன்னார். கோர்வை போட்ட புடவையில் பார்டருக்குத் தனிப் பாவு, தனி ஊடை என்பது அந்த வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

எரிக்கும் வேலையை அவருடைய மனைவி எடுத்துக்கொண்டார். ராட்டையை நிறுத்திவிட்டு, பாவிலிருந்தும் நூல் கண்டுகளிலிருந்தும் விலகி முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார். எதிரே எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் சொம்பில் தண்ணீர். விரல்நீள நூலை இரண்டு மூன்றாக மடித்து முறுக்கி இடுக்கியில் பிடித்தார். ஒற்றை இழையாக எரித்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒன்றும் பிடிபடாது. மெழுகுவத்தி வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம் என்றார். மெழுகின் வாடையும் குச்சி மருந்தின் வாடையும் நூலின் வாடையை மூடிவிடும். குச்சிதான் இருக்கிறது என்றால் மருந்து எரிந்து முடிந்து மரம் எரியும்போது காட்டவேண்டும். அவர் கையில் இருந்தது சிகரெட் லைட்டர். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் வேட்டி நூல். தீ கிட்டே வந்ததுமே பற்றி, சுருங்காமல் உருகாமல் சரசரவென்று எரிந்தது. லைட்டரை எடுத்த பிறகும் நிற்கவில்லை. தழல் அணைந்தும் கொஞ்ச நேரம் நுனியில் கங்கு கனன்றது. காகிதம் எரிந்த வாடை. மிஞ்சியது ஊதினால் பறக்கும் சாம்பல்.

அடுத்து அவர் கண்டிலிருந்தே எடுத்த பட்டு. தீயைக் கண்டதும் நுனி விலகிச் சுருண்டது. எரியும்போது பொரிவதுபோல் ஒரு சத்தம். தீயை விலக்கியதும் தயங்கித் தயங்கி அணைந்தது. முடி கருகிய வாடை. நுனியில் கறுப்பாக ஒரு சின்ன உருண்டை, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்ததும் பொடியாகிவிட்டது. அந்தப் பொடிதான் சாட்சி. சீருடை நூலில் நடந்தது வேறு. தீ தொடும் முன்பே நூல் ஓடிச் சுருங்கியது, உருகியது, கரும்புகை விட்டது. வாடையில் ஒரு ரசாயன இனிப்பு. நுனியில் பளபளவென்று மணி ஒன்று திரண்டது. ஆறிய பிறகு நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. உருகிய சொட்டு தட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டதைக் காட்டி, "இது கையில விழுந்தா தோலோட வரும்" என்றார் அந்த அம்மா. இடுக்கியும் தட்டும் எதற்கு என்று அப்போது விளங்கியது.

பட்டும் கம்பளியும் ஒரே ஜாதி, இரண்டும் புரதம். அதனால் வாடையும் உறவுதான். கம்பளிக்கு அவர் வீட்டுக் கறுப்புக் கம்பளியிலிருந்தே ஒரு இழை கிடைத்தது. தீபாவளிக்கு ஆட்டுத்தலை வாட்டும்போது தெருவெல்லாம் அடிக்குமே, அதே வாடை. பட்டைவிடக் காட்டம், காரணம் கம்பளிப் புரதத்தில் கந்தகம் அதிகம், பட்டில் ஏறக்குறைய இல்லை. தீயை எடுத்ததும் கம்பளி சட்டென்று அணைந்ததற்கும் காரணம் உண்டு. காற்றில் ஆக்ஸிஜன் 21 விழுக்காடு. பருத்திக்கு 18 இருந்தாலே எரியும். கம்பளிக்கு ஏறக்குறைய 25 வேண்டும், நம் வீட்டுக் காற்றில் அவ்வளவு இல்லை. வாடையில் குழப்பம் வந்தால் முறுக்கைப் பிரித்துப் பார்த்துவிடலாம். கம்பளியில் நெளிநெளியான குட்டை மயிர்கள் பிரியும். தறிப் பட்டில் நேரான நீள இழை. பருத்தியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பஞ்சு இழைகள்.

என் ஊட்டி ஸ்வெட்டர் தேறவில்லை. உள்தையலில் எடுத்த நூல் உருகி, விடாமல் எரிந்து, கோணல்மாணலான கெட்டிக் கறுப்புக் கட்டியாக நின்றது. மயிர் வாடையே வரவில்லை. அது அக்ரிலிக். பரவாயில்லை, குளிருக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது.

இனி புடவை. உடலின் பாவு சுருண்டது, முடி வாடை அடித்தது, பொடியானது. பட்டுதான். உடலின் ஊடை உருகி மணி திரண்டது. நகத்துக்கு அசையவில்லை. பாலியெஸ்டர். பார்டரின் பாவும் பட்டு. பார்டரின் ஊடைதான் எங்களை நிறுத்தியது. அது உருகவில்லை, மணி இல்லை, சுத்தமாக எரிந்து சாம்பலானது. "உருகலியே, அப்ப பிளாஸ்டிக் இல்ல" என்றேன். பெரியவர் சிரித்தார். காகித வாடை வந்ததை மூக்கு முன்பே சொல்லியிருந்தது. புரதமாக இருந்தால் காகித வாடை வராது. ஆக அது பருத்தி, இல்லாவிட்டால் விஸ்கோஸ், அதாவது கடைகளில் ஆர்ட் சில்க் என்று புழங்குவது. விஸ்கோஸும் மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ்தான், அதனால் பருத்தி எரிவதுபோலவே எரியும். 'உருகினால் போலி' என்று மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர்களை இது சுலபமாக ஏமாற்றிவிடும். என் கணிப்பில் பட்டு வாங்கப் போகிறவர்கள் பாலியெஸ்டரைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படவேண்டும்.

பருத்தியையும் விஸ்கோஸையும் பிரிக்க நெருப்புக்கு வக்கில்லை, தண்ணீருக்கு உண்டு. பார்டர் ஊடையின் நடுவில் நாக்கில் தொட்ட ஈரத்தை வைத்து இரண்டு பக்கமும் இழுத்தார். ஈரம் பட்ட இடத்திலேயே சோர்ந்து அறுந்தது. அதே மாதிரி வேட்டி நூலை இழுத்தபோது ஈரத்தில் அறவில்லை, காய்ந்த பக்கத்தில்தான் அறுந்தது. விஸ்கோஸ் நனைந்தால் பாதிக்குப் பாதி பலம் இழக்கும். பருத்தி நனைந்தால் பலம் கூடும்.

துண்டுத் துணியாக வெட்டி எரித்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்காது. பட்டின் முடி வாடை தூக்கலாக வந்து மற்ற இரண்டையும் அமுக்கியிருக்கும், கடைசியில் மிஞ்சுவது பாதி பொடியும் பாதி கட்டியுமாக ஒரு குழப்பம். பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே நூலுக்குள் கலந்திருந்தால் நூலைப் பிரித்தும் பயன் இல்லை. அப்போது காகித வாடையோடு விளிம்பில் கடினமான கட்டி தட்டுப்படும், கலப்பு என்று சொல்லலாம், எத்தனை விழுக்காடு என்று சொல்ல முடியாது. கைத்தறியா விசைத்தறியா என்பதும் தீக்குத் தெரியாது. அதையெல்லாம் அறிய ஆய்வகம்தான் கதி. மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை 2004 முதல் புழக்கத்தில் இருக்கிறது, வாங்கும்போதே அந்தச் சீட்டைக் கேட்பது பிற்பாடு நூல் பிடுங்குவதைவிட நல்லது.

ஜரிகையையும் விடவில்லை. ஒரு கண்ணி உருவி எரித்தபோது மேலே சுற்றியிருந்த பளபளப்பு சுருங்கி மணியாகிவிட்டது. அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு இழை மேல் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும். உள்ளே உள்ள பட்டு கருகினாலும் கம்பி அப்படியே நிற்கும். இது பிளாஸ்டிக் படலம்.

அந்த அம்மா ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, எரிக்காத நூலையும் எரித்த நுனியையும் அடுத்தடுத்து செலோ டேப்பில் ஒட்டி, உடல் பாவு, உடல் ஊடை, பார்டர் பாவு, பார்டர் ஊடை, ஜரிகை என்று எழுதிக் கொடுத்தார். கடைக்குப் போகிறபோது இதையும் பில்லையும் கொண்டுபோகச் சொன்னார். திருப்பி எடுத்துக்கொள்ளாவிட்டால் சித்தி அதைக் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் இஸ்திரிப் பெட்டியைச் சூடு தணித்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊடையும் ஜரிகையும் சுருங்கிப் பாவு மட்டும் தொங்கும் என்றார். பார்டரை ஈரத்தோடு முறுக்கிப் பிழியவும் கூடாதாம்.