சாய்ந்தது மலையா, கமராவா?

கடற்கரையில் வாழ்பவர்களுக்கு அடிவானம் என்பது ஒரு நேர்கோடு. பதுளையில் வாழும் எமக்கு அப்படியொரு கோடு கிடைப்பதில்லை. ஒருபுறம் 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலை. மறுபுறம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்திறங்கும் தேயிலை மேடுகள். எங்கு நோக்கினும் நிலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே தோன்றும். ஆதலால், இங்கே எடுக்கப்பட்ட ஒரு படம் சாய்ந்திருந்தால், அது நிலத்தின் சாய்வா அன்றிக் கருவியின் சாய்வா என்று சொல்வது எளிதன்று. இதனை வேடிக்கையாகவே எண்ணியிருந்தேன். சென்ற தைமாதம் ஒரு குடும்பம் மழையிரவில் மூட்டை முடிச்சுகளுடன் லயத்தை விட்டு வெளியேறிய செய்தியைக் கேட்கும் வரையில் அவ்வாறே இருந்தேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களிற் பெயர்ந்து விழுந்ததை வாசகர்கள் அறிவர். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுள் மறைந்ததையும் எம்மவர் மறந்தாரல்லர். புயலுக்குப்பின் ஒவ்வொரு தோட்டத்திலும் மக்கள் தம் வீட்டுக்கு மேலேயுள்ள மலையையே பார்த்துக்கொண்டிருந்தனர். நமுனுகுல அடிவாரத் தோட்டமொன்றில், என்னிடம் முன்னர் பௌதிகம் கற்ற மாணவன் ஒருவன் இருக்கிறான். கலியாண வீடுகளுக்கு ட்ரோன் கமராவால் படமெடுப்பது அவன் தொழில். பதிவும் அனுமதியும் முறைப்படி பெற்றவன். லயத்துக்கு மேலுள்ள தாங்குசுவரையும் அதற்கும் மேலுள்ள தேயிலை மலையையும் படமெடுத்துக் காட்டும்படி தோட்டத்தார் கேட்க, அவனும் எடுத்தான். அந்தப் படம் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பரவியது. அதில் சுவர் நடுவே புடைத்து நின்றது. மின்கம்பம் லயத்தின் பக்கம் சாய்ந்து நின்றது. அன்றிரவே அந்தக் குடும்பம் வெளியேறியது.

மறுநாள் அவன் என்னிடம் வந்தான். “சேர், நேரில போய்ப் பார்த்தா சுவர் நேராத்தான் தெரியுது. படத்தில மட்டும் புடைச்சிருக்கு. எதை நம்புறது?” என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் தோட்டத்துக்குப் போனோம்.

பிரட்டுக்களத்தில் ஓர் அம்மையார் எம்மைக் கண்டவுடன், “செவரு பொடச்சிக்கிட்டு நிக்குதுங்க மாஸ்டர், நானே படத்துல பாத்தேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. படத்தில் அப்படித்தான் இருந்தது.

முதலிற் சாய்வை எடுத்துக்கொண்டோம். ட்ரோன் காற்றில் எப்படி ஆடினாலும் கமராவை மட்டமாக வைத்திருக்க ‘கிம்பல்’ என்னும் ஒரு தொங்கு சட்டம் உண்டு. அதிலுள்ள சிறு மோட்டார்கள் மூன்று, ட்ரோன் வலப்புறம் சாய்ந்தால் கமராவை அதே அளவு இடப்புறம் திருப்பிவிடும். எது மட்டம் என்பதை அந்தச் சட்டம் தானாக அறிவதில்லை. எது கீழ்த்திசை என்று சொல்லும் உணர்கருவி ஒன்றை நம்பியே அது வேலைசெய்கிறது. அந்த உணர்கருவிக்கு, “இதுதான் மட்டம்” என்று ஒருமுறை கற்றுக்கொடுப்பதையே அளவுத்திருத்தம் என்கிறோம். கருவியை மட்டமான இடத்தில் அசையாமல் வைத்து, திரையில் Gimbal Calibration என்பதைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். மட்டமில்லாத இடத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தால், அந்தச் சாய்வையே அது மட்டமென்று மனத்திற் கொண்டுவிடும்.

“எங்கே வைத்துச் செய்தாய்?” என்று கேட்டேன். “வீட்டு இஸ்தோப்பில, சேர். சீமெந்துத் தரை, நல்ல மட்டம்” என்றான்.

அயலிலிருந்த மேசன் ஒருவரின் ரசமட்டத்தை இரவல் வாங்கி இஸ்தோப்பில் வைத்தோம். குமிழி ஓரத்துக்கு ஓடியது. மழைநீர் வெளியே வடிய வேண்டுமென்று இஸ்தோப்புத் தரையை முற்றத்துப் பக்கம் சற்றுச் சரித்தே கட்டுவது வழக்கமல்லவா! ஒரு மீற்றருக்கு மூன்றரைச் சதமமீற்றர் இறக்கம் இருந்தது. கோணத்திற் சொன்னால் 2 பாகை. கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான். ஆனால் 9 மீற்றர் மின்கம்பத்தின் உச்சி, அந்தக் கமராவில், அடியிலிருந்து 31 சதமமீற்றர் விலகித் தோன்றும். அஞ்சுவதற்கு அது போதும்.

ஆயினும் இது ஊகம்; கம்பமும் உண்மையில் சாய்ந்திருக்கலாமே? இதைப் பிரித்தறியும் வழியை அந்த மேசனே காட்டினார். ரசமட்டம் சரியானதா என்று ஐயம் வந்தால், அதே இடத்தில் தலைமாற்றி வைத்துப் பார்ப்பார்கள். தரை சாய்ந்திருந்தால் குமிழி தரையின் மேட்டுப்பக்கத்துக்கே ஓடும். மட்டமே பிழையென்றால் குமிழி எப்போதும் தன்னுடைய ஒரே முனைக்குத்தான் ஓடும். கம்பத்தையும் அப்படியே இருபுறமிருந்தும் பார்த்தோம். கிழக்கே நின்று எடுத்த படத்திற் கம்பம் இடப்புறம் சாய்ந்திருந்தது. மேற்கே சென்று எடுத்தபோது, உண்மைச் சாய்வானால் அது வலப்புறமாக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, மீண்டும் இடப்புறமே. ஆகவே சாய்ந்தது கம்பமன்று, கமரா. பின்னர் ஆலயத்து மண்டபத் தரையில் ரசமட்டத்தால் இரு திசையிலும் சோதித்து, அங்கே வைத்துத் திருத்தியபின் கம்பம் இருபுறமும் நேராக நின்றது.

இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். முதற் படத்தில் லயத்தைச் சுற்றி வட்டமிட்டுப் பறந்த இடங்களிற் சாய்வு சற்று மிகுந்து, பின் மெல்லக் குறைந்தது. பண்டாரவளை வீதியின் வளைவுகளில் பஸ் திரும்பும்போது சாரதியின் முன்னே தொங்கும் மாலை வெளிப்புறம் ஒதுங்குவதைக் கண்டிருப்பீர்கள். கீழ்த்திசையைச் சொல்லும் உணர்கருவியும் அந்த மாலையைப் போன்றதே. 20 மீற்றர் ஆரையில் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வட்டமிட்டால் மாலை 7 பாகை ஒதுங்கும். சுழற்சியை அளக்கும் மற்றோர் உணர்கருவி இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நீண்ட நேரம் வட்டமிட்டால் முழுவதும் தடுக்க அதனால் இயலாது. ஆகவே சாய்வை அளக்கும் படம் வட்டமிட்டு எடுக்கத் தக்கதன்று. ஓரிடத்தில் நிலைத்து நின்று எடுக்கவேண்டும்.

இனிச் சுவரின் புடைப்பு. இதுவே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. நம்முடைய கமரா ஒரு காட்சியை ஒரே நொடிப்பொழுதிற் பார்ப்பதில்லை. மேல்வரியிலிருந்து கீழ்வரி வரை, நாம் ஏட்டைப் படிப்பதுபோல, வரிவரியாகவே படிக்கிறது. முழுப் பக்கத்தையும் படிக்க ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கமரா நடுங்கினால், மேல்வரி ஓரிடத்திலும் நடுவரி சற்று விலகியும் பதியும். நேரான சுவர் நெளிந்த சுவராகும். தட்டில் வைத்த ஜெலி ஆடுவதுபோல் காட்சி ஆடுவதால் இதனை ஜெலி விளைவு என்பர்.

நடுக்கம் எங்கிருந்து வந்தது? ட்ரோனின் இறக்கைகளைக் கழற்றி நுனிகளை நகத்தால் வருடிப் பார்த்தோம். ஒன்றில் அரிசிமணியின் பாதியளவு சிதைவு இருந்தது. எப்போதோ தேயிலைக் கிளையில் உரசியிருக்கிறது. நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் இறக்கை செக்கனுக்கு 100 முறை சுழல்கிறது. ஒருபக்கம் எடை குறைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உலுக்கல். ஒரு பக்கம் படிக்கும் நேரத்தில் இரண்டு உலுக்கல்கள். ஆகவே படத்தில் மேலிருந்து கீழாக இரண்டு நெளிவுகள். போதாக்குறைக்கு, நடுக்கம் கமராவுக்குச் செல்லாமல் தாங்கும் சிறு ரப்பர் குமிழ்களில் ஒன்று தன் குழியிலிருந்து விலகியிருந்தது.

ஆனால் ஜெலி என்றால் ஆடவேண்டுமே? அந்தச் சுவர் ஆடவில்லை. புடைத்தபடியே அசையாமல் நின்றது. அதனாலன்றோ மக்கள் நம்பினர்! இதற்கு விடை, கமரா செக்கனுக்கு 25 படங்கள் எடுக்கும்படி வைக்கப்பட்டிருந்ததில் இருந்தது. 100 உலுக்கலை 25 ஆற் பிரித்தால் சரியாக 4. ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் நடுக்கம் அதே கட்டத்தில் இருக்கும். நெளிவும் அதே இடத்தில் விழும். செக்கனுக்கு 30 படங்கள் என்று மாற்றியவுடன் அதே சுவர் பாம்புபோல் துடித்தது. கூடியிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டனர். கமராவைச் சற்று மேலே திருப்பிப் பார்ப்பது இன்னும் எளிய சோதனை. உண்மைப் புடைப்பானால் அது சுவரின் அதே கல்லோடு சேர்ந்து படத்திற் கீழிறங்கும். பொய்ப் புடைப்போ படத்தின் அதே உயரத்தில் நின்றுகொண்டு, சுவரை மட்டும் நழுவவிடும். அன்று நழுவியது.

மாணவன் தன் பெட்டியிலிருந்து ஒரு கருங்கண்ணாடி வடியை எடுத்துக் கமராவின் முன் பொருத்தப் போனான். கலியாணப் படங்களில் அவன் செய்வது அதுதான். ஒளி குறைந்தால் ஒவ்வொரு படமும் நீண்ட நேரம் பதியும். நெளிவு மங்கிக் கலந்து கண்ணுக்குத் தெரியாமற் போகும். மணமக்களுக்கு அது போதும். நான் தடுத்தேன். வெடிப்பைத் தேடும் படத்தில் நெளிவு மங்கினால் வெடிப்பும் சேர்ந்து மங்குமே! புது இறக்கையை மாட்டி, ரப்பர் குமிழைக் குழியில் இருத்தி, கண்ணாடி இல்லாமலே மீண்டும் பறக்கவிட்டோம்.

சுவர் நேராக இருந்தது. அந்த அம்மையார் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சுவரை விட்டுவிட்டு, அதற்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கிடையே ஓரிடத்தில் விரலை வைத்து, “இது என்னங்க மாஸ்டர்?” என்றார்.

முதற் படத்தில் நெளிவுக்குள் மறைந்து கிடந்த ஒரு கருங்கோடு அது. பிறைபோல் வளைந்து, முனைகள் இரண்டும் கீழ்நோக்கி இருந்தன. கவ்வாத்து வெட்டிய செடிகளின் வரிசை அந்தக் கோட்டைத் தாண்டுமிடத்தில் ஒரு சாண் கீழிறங்கித் தொடர்ந்தது. அதை நான் எந்தக் கமராப் பிழையிலும் அடக்க முடியவில்லை. இருபுறமிருந்தும் எடுத்தோம், மேலே திருப்பி எடுத்தோம், கோடு தன் செடிகளோடேயே இருந்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மறுநாட் காலையிலேயே படத்துடன் தெரிவித்தோம். வந்து பார்த்த அதிகாரிகள் மேல் லயத்துக் குடும்பங்களைத் தோட்டப் பாடசாலைக்கு மாறும்படி சொன்னார்கள். முன்பு வீணாகப் பயந்து வெளியேறியதாக ஊரார் கேலிசெய்த அந்தக் குடும்பமும் மேல் லயத்ததுதான்.

வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, இடையிலுள்ள தூரத்தை நாள்தோறும் நூலால் அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள். அந்த அம்மையாரின் பேத்தி, எட்டாம் வகுப்பு மாணவி, அளக்கிறாள். முதல் ஒன்பது நாளும் 84 சதமமீற்றர் என்றே எழுதியிருக்கிறாள். பத்தாம் நாள் இரவில் மழை பெய்தது. பதினோராம் நாள் 85 என்று எழுதி, தான் நூலைச் சரியாகப் பிடித்தாளா என்ற ஐயத்தால், தலைமாற்றி நின்று மறுபடியும் அளந்து, அதே எண்ணைப் பக்கத்தில் இன்னொருமுறை எழுதியிருக்கிறாள்.