மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

பிள்ளையைக் கடல் கடந்து படிக்க அனுப்பும் நம்மவர் வீடுகளில், பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பற்றிய பேச்சே பெரிதாக நடைபெறும். அது பெருந்தொகை, அதற்கு இரசீது உண்டு, கட்ட வேண்டிய நாளும் முன்கூட்டியே தெரியும். ஆனால், பிள்ளை போய் இறங்கிய நாள் தொடங்கி உண்ணவும் உறங்கவும் ஊர் சுற்றவும் வேண்டிய பணம் இருக்கிறதே, அதற்கு எவரும் இரசீது அனுப்புவதில்லை. அது சிறுகச் சிறுகப் போகும். போன பின்னரே தெரியும்.

என் அக்காவின் மகன் 2025 யூலையில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குப் படிக்கச் சென்றான். அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. அத்தானும் இல்லை. காணித்துண்டு ஒன்றை விற்று வந்த பணத்தை வங்கியில் நிலையான வைப்பில் இட்டு, அதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மகனுக்கு அனுப்புவதென்று அவர் தீர்மானித்திருந்தார். நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் நெடுங்காலம் கணக்கெழுதியவன். ஆகையால், "தம்பி, மாதம் எவ்வளவு அனுப்பவேணும் எண்டு ஒரு தொகையைச் சொல்லிவிடு. மிச்சத்தை நான் இங்கை பார்த்துக்கொள்ளுவன்" என்றார்.

கேள்வி எளியது. ஆனால் அதிலுள்ள "மாதம்" என்ற சொல்லிலேயே சிக்கல் இருந்தது. மெல்பேண் நகரில் வாழ்க்கை மாதத்தால் அளக்கப்படுவதில்லை, வாரத்தால் அளக்கப்படுகிறது. வீட்டு வாடகையை வாரத்துக்கு இவ்வளவு என்றே விளம்பரம் செய்வார்கள். பகிர்ந்து வாழும் வீடுகளில் பெரும்பாலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை வாடகை கட்ட வேண்டும். வேலை கிடைத்தால் சம்பளமும் வாரத்துக்கு அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறையே வரும். இங்கிருந்து நாம் மாதம் ஒருமுறை பணம் அனுப்புகிறோம். அங்கே அவன் இரு வாரத்துக்கு ஒருமுறை செலவிடுகிறான். இவ்விரண்டு நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

ஒரு மாதத்துக்கு நான்கு வாரம் என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்கிறோம். பன்னிரண்டு மாதத்துக்கு நான்கு நான்காகக் கூட்டினால் 48 வாரங்களே வரும். ஆண்டிலோ 52 வாரங்கள் உண்டு. எஞ்சிய நான்கு வாரங்களுக்கும் அவன் உண்ண வேண்டும், வாடகையும் கட்ட வேண்டும். ஆகவே, வாரத் தொகையை நான்கால் பெருக்குவது பிழை. 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுப்பதே முறை.

மருமகனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நகர நடுவில் உள்ள கல்லூரிக்குப் போய்வர வசதியான புறநகர் ஒன்றில், நால்வர் பகிரும் வீட்டில் தனியறைக்கு வாரம் 260 டொலர். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் ஆகியவற்றில் அவன் பங்கு 25 டொலர் என்று வைத்தோம். உணவுக்கு 90. பயணத்துக்கு 44. தொலைபேசிக்கு ஏழரை. சவர்க்காரம், மருந்து, முடிவெட்டு, கொப்பி முதலிய சில்லறைகளுக்கு 30. எல்லாம் கூட்ட வாரத்துக்கு 456 டொலர் 50 சதம் ஆயிற்று. நான்கால் பெருக்கினால் மாதம் 1,826 டொலர். முறைப்படி கணக்கிட்டால் 1,978 டொலர். மாதம் 152 டொலர் வித்தியாசம். டொலர் ஒன்றுக்கு 200 ரூபா என்று வைத்தாலும் அது முப்பதினாயிரம் ரூபாவைத் தாண்டுகிறது.

இந்தக் குறை முதல் மாதங்களில் வெளியே தெரியாது என்பதே இதன் கெடுதல். இரு வாரத்துக்கு ஒருமுறை 520 டொலர் வாடகை கட்டுகிறவன், பெரும்பாலான மாதங்களில் இருமுறை கட்டுவான். ஆனால், ஆண்டில் இரண்டு மாதங்களில் மும்முறை கட்ட நேரும். முற்பணம் கேளாமல் வந்து நிற்கும் விருந்தாளியைப் போல அந்த மூன்றாவது தவணை வரும். நாம் செய்தது இதுதான்: முதல் வாடகை கட்டும் நாள் தெரிந்தவுடன், ஆண்டு முழுவதற்குமான தவணை நாட்களை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்தோம். மூன்று சிவப்புப் புள்ளிகள் விழுந்த மாதங்களைக் கண்டுகொண்டோம். சாதாரண மாதங்களில் மிஞ்சும் பணத்தைச் செலவுக் கணக்கில் விடாமல், வங்கியில் வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றி வைக்கும்படி அவனுக்குச் சொன்னோம்.

இனி, பயணச் செலவு. மெல்பேணில் புகைவண்டி, டிராம் வண்டி, பஸ் மூன்றுக்கும் மைக்கி என்னும் ஒரே அட்டைதான். 2025ஆம் ஆண்டின் முழுக் கட்டணப்படி இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 5 டொலர் 50 சதம். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் 11 டொலருக்கு மேல் போகாது. முப்பது நாளுக்கென்று மொத்தமாக வாங்கும் அனுமதியும் உண்டு. அதன் விலை 198 டொலர். மொத்தமாக வாங்குவதே இலாபம் என்று நாம் எண்ணுவது வழக்கம். ஆனால் 198ஐப் பதினொன்றால் வகுத்தால் 18 வருகிறது. மாதத்தில் பதினெட்டு நாளுக்கு மேல் போய்வருகிறவனுக்கே அது இலாபம். மருமகனுக்கு வகுப்பு வாரத்தில் நான்கு நாள். மாதத்தில் ஏறக்குறைய பதினேழு நாள். அவனுக்கு நாளுக்கு நாள் கட்டுவதே நன்று. விடுமுறை வாரங்களில் அதுவும் மிஞ்சும். சலுகைக் கட்டணம் தமக்கும் கிடைக்கும் என்று எண்ணி, பாதிக் கட்டணத்தை வரவு செலவில் எழுதுகிறவர்கள் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு அது பொதுவாக இல்லை. கல்லூரி உறுதி சொல்லும்வரை முழுக் கட்டணத்தையே எழுதுக.

இன்னுமொன்று. அந்நகரில் நகர நடுவுக்கு வரும் கட்டணம், அருகிலிருந்து வந்தாலும் தொலைவிலிருந்து வந்தாலும் ஒன்றே. ஆகையால், வாடகை குறைந்த தூரப் புறநகரைத் தேர்வதால் பயணச் செலவு கூடுவதில்லை. போய்வரும் நேரமே கூடுகிறது. மாறாக, நடந்தே கல்லூரிக்குப் போகக்கூடிய அறை வாரத்துக்கு 40 டொலர் கூடுதலாயிருந்தாலும், 44 டொலர் பயணம் மீதமாவதால் அதுவே மலிவு. வாடகையைத் தனியாகப் பாராமல், வாடகையும் பயணமும் சேர்ந்த தொகையைப் பார்ப்பதே அறிவுடைமை.

தொலைபேசியிலும் இதே வாரக் கணக்குத்தான். முன்பணம் செலுத்தும் சிம் அட்டைகளிற் பலவற்றுக்கு ஆயுள் ஒரு மாதமன்று, 28 நாள். முப்பது டொலர் அட்டையை ஆண்டில் பன்னிரண்டு முறையல்ல, பதின்மூன்று முறை நிரப்ப வேண்டும். தொகை சிறிது, ஆயினும், நிரப்பத் தவறிய நாளில் வேலை தருகிறவரை அழைக்க முடியாது. புதிய கைத்தொலைபேசியுடன் சேர்த்து நீண்ட ஒப்பந்தம் செய்வதை முதல் ஆண்டில் தவிர்ப்பது நல்லது. இலங்கைச் சிம் அட்டையையும் எறிந்துவிடக் கூடாது. நம் வங்கிகள் அனுப்பும் இரகசிய இலக்கம் அந்த எண்ணுக்கே வரும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறும் வசதியைப் புறப்படுமுன்னரே செய்துகொள்ள வேண்டும்.

உணவுக்குப் போட்ட 90 டொலர் மட்டும் முதலில் நிலைக்கவில்லை. மூன்றாம் மாத முடிவில் மருமகன் அனுப்பிய கணக்கில் அது 115 ஆக இருந்தது. எங்கே போயிற்று என்று பிரித்துப் பார்த்தோம். அரிசியும் பருப்பும் மரக்கறியும் அறுபத்தைந்துக்குள் அடங்கின. எஞ்சிய ஐம்பதும் கல்லூரி நாட்களில் வெளியே உண்ட மதிய உணவு. "மாமா, வகுப்புக்கு முதல்நாள் இரவு சமைக்க நேரமில்லை" என்றான். அதற்காக அவனைக் கடிந்து பயனில்லை. ஞாயிறு தோறும் இரண்டு கறிகளைச் சமைத்துப் பகிர்ந்து உறையவைத்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வெளியே உண்பதென்று முடிவாயிற்று. அந்நாட்டுப் பெரிய கடைகளில் ஒவ்வொரு பொருளின் விலைக்கும் கீழே, நூறு கிராமுக்கு எவ்வளவு என்பதையும் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். பெரிய எழுத்தை விட்டுச் சிறிய எழுத்தைப் பார்த்து வாங்கப் பழகினான். இப்போது தொண்ணூறுக்குள் நிற்கிறது.

முதல் மாதத்தை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனிப் பை வேண்டும். அறை தேடும் இரண்டு வாரத் தற்காலிகத் தங்கலுக்கு 700 டொலர். வீட்டுக்குப் பாதுகாப்பு வைப்பாக ஒரு மாத வாடகை, அதாவது 1,127 டொலர். முன்வாடகையாக இன்னொரு மாதம். போர்வை, சட்டி பானை, குளிர்ச்சட்டை எல்லாவற்றுக்கும் 500. ஏறக்குறைய 3,450 டொலர் ஆகிவிடும். விக்டோரியா மாநிலத்தில் பாதுகாப்பு வைப்பு வீட்டுக்காரரின் கையில் இருப்பதன்று. அதை அரசின் வைப்பு நிறுவனத்தில் கட்ட வேண்டும். அந்நிறுவனத்தின் உறுதிச் சீட்டு குடியிருப்பவருக்கு நேரே வரும். சீட்டு வராவிட்டால் பணம் அங்கே சேரவில்லை என்று அறிக. அறையை நேரில் பாராமல், ஊரில் இருக்கும்போதே முற்பணம் கேட்கும் எவருக்கும் ஒரு சதமும் அனுப்பலாகாது.

கடைசியாக, நாணய மாற்று. 2022இல் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை எவரும் மறந்திரார். அப்போது பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு பெரிது. ஆகவே, அக்காவின் கணக்கை 200 ரூபாவில் அல்லாமல் 220 ரூபாவில் எழுதினேன். மாதம் நாலேகால் இலட்சத்தையும் தாண்டி வந்த அத்தொகையைப் பார்த்து அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் உழைக்கிறதையும் சேர்க்கலாமே?" என்று கேட்டார். மாணவர் விசாவில் படிப்பு நாட்களில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் அனுமதி வேறு, வேலை வேறு. முதல் மூன்று மாதத்துக்கு அவன் உழைப்பை வரவாக எழுதவில்லை.

அவனுக்கு நான்காம் மாதத்தில் கடையொன்றில் வேலை கிடைத்தது. அதன்பின் அக்கா அனுப்பும் தொகை குறைந்தது. எனினும் 220 ரூபா என்ற இலக்கத்தை நாங்கள் மாற்றவில்லை. மீதப்படுவது வைப்பிலேயே கிடக்கிறது. இரண்டாம் ஆண்டுக்கு அதுவே வேண்டும்.