முதல்ல என்ன கேட்டேன், சொல்லு பாப்போம்

சாட்பாட்கிட்ட ஒரு மணி நேரம் அரட்டை அடிச்சுட்டு, "இந்த சாட்ல நான் முதல்ல கேட்ட கேள்வி என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் டக்குனு சரியாச் சொல்லிடும். நண்பர் ஒருத்தர் இதைப் பார்த்துட்டு, "நம்மள ஞாபகம் வெச்சிருக்கு சார்!"னு அசந்து போனார். அவருக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. மகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி. அதை முதல் கேள்வியிலயே சொல்லிட்டு, தினமும் டிபன் பாக்ஸுக்கு என்ன செய்யலாம்னு அதே சாட்ல கேட்டுக்கிட்டிருக்கார்.

உண்மையில அது ஞாபகமே இல்லைங்க. ஒரு பதிலைச் சொல்லி முடிச்சதும் அந்த மாடல் நம்மளைச் சுத்தமா மறந்துடும். அடுத்த கேள்வியை நாம தட்டினதும், ஆரம்பத்துலேர்ந்து நடந்த பேச்சு மொத்தமும் திரும்ப அதன் முன்னால வைக்கப்படுது. ஏறக்குறைய இப்படி:

```
[
 {"role": "user", "content": "மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. இன்னைக்கு என்ன டிபன்?"},
 {"role": "assistant", "content": "இட்லி, தேங்காய்ச் சட்னி"},
 {"role": "user", "content": "நான் முதல்ல கேட்டது என்ன?"}
]
```

பதில் முதல் வரியிலயே இருக்கு பாருங்க. அதைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதான் பாக்கி :-) ஆஸ்பத்திரியில ஒவ்வொரு ஷிப்டுக்கும் புது டாக்டர் வந்து, கட்டில்ல தொங்குற கேஸ் ஷீட்டைப் படிச்சுட்டு நம்மகிட்ட பேசற மாதிரி. புது சாட் திறந்தா கேஸ் ஷீட் காலி. (சில சேவைகள்ல நம்மைப் பத்தின குறிப்புகளைத் தனியா சேமிச்சு, புது சாட்லயும் சொருகுவாங்க. அது வேற ஏற்பாடு.)

இப்போ சிக்கலுக்கு வருவோம். இந்தக் கேஸ் ஷீட்டுக்கு ஒரு அளவு உண்டு. டோக்கன்னு சொல்ற சின்னச் சின்னத் துண்டுகளா அதை எண்ணுவாங்க. அதே விஷயத்தைத் தமிழ்ல எழுதினா பொதுவா இங்கிலீஷைவிட அதிக டோக்கன் ஆகும், அதனால சீக்கிரம் நிரம்பும். நிரம்பினதும் சில சேவைகள் சாட்டையே நிறுத்திடும். சிலது பழைய பேச்சைச் சுருக்கி வெச்சுக்கும். சிலது மேலேயிருந்து சத்தமில்லாம வெட்டிடும். முதல்ல போறது அந்த வேர்க்கடலை வரிதான்!

அப்போ முதல் கேள்வியைக் கேட்டா, கண்ணுக்குத் தெரியற பழைய வரியையே "முதல் கேள்வி"ன்னு தைரியமா சொல்லக்கூடும். அதனால பதிலை நம்பாம, நாமளே மேலே நகர்த்திப் போய் ஒப்பிட்டுப் பார்க்கணும். பொருந்தலைன்னா தலைப்பகுதி போயிருக்கலாம்னு அர்த்தம்.

பொருந்தினாலும் முழு நிம்மதி கிடையாது. "முதல் கேள்வி என்ன?"ன்னு கேக்கும்போது எங்கே பார்க்கணும்னு நாமளே காட்டிடறோம். "நாளைக்கு என்ன டிபன்?"னு கேக்கும்போது யாரும் காட்டலை. வரி அங்கேயே இருந்தும், நீளமான பேச்சுக்கு நடுவுல அதைக் கவனிக்காம வேர்க்கடலைச் சட்னியைச் சொல்லிட வாய்ப்பிருக்கு.

நண்பர்கிட்ட நான் சொன்னது இதுதான்: ஒவ்வொரு தடவையும் "வேர்க்கடலை ஆகாது"ன்னு கேள்வியோட சேர்த்தே எழுதுங்க. அப்புறம், வர்ற பட்டியலை அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை படிச்சிடுங்க.