கேட்டுக்கு வந்த கேடு!

மயிலத்தில் வீடு கட்டியபோது மேஸ்திரி கேட்டார்: "சார், கேட் திறக்கிற மாதிரியா, தள்ளுற மாதிரியா?"

பி.காம். படித்தவன் மலிவானதைத்தானே சொல்வான்? "திறக்கிற மாதிரி!"

12 அடி வாசலுக்கு இரண்டு இரும்புக் கதவுகள். 9 அங்குலச் செங்கல் தூணில் மாட்டியாயிற்று. நாலே மாதத்தில் தாழ்ப்பாள் ஓட்டையில் சேரவில்லை. கதவின் நுனி தரையில் உரசியது. தூண் சாய்ந்துவிட்டது!

"பாரம் பூரா தூண்லதான் தொங்குது. ஓரடிக்கு ஓரடி கான்கிரீட் தூண் போட்டிருக்கணும்" என்றார் மேஸ்திரி, சாவகாசமாக.

போதாததற்கு, காரை நிறுத்தினால் கதவு பம்பரில் இடித்தது. தள்ளுகிற கேட்டுக்கே மாறினேன். நல்லவேளை, ஒதுங்கி நிற்கப் பக்கச்சுவர் 15 அடி இருந்தது.

இதில் பாரம் தண்டவாளத்துக்குப் போகிறது. கார் ஏறி இறங்குவதும் அதன்மேல்தான். கேட் ஒதுங்குகிற தூரமும் சேர்த்து 25 அடிக்கு, கம்பி கட்டி, ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரே நீளமாகக் கான்கிரீட் போட்டோம். பாதியில் விட்ட கேட் தானாக உருளாமல் நின்றால் மட்டம் சரி.

கான்கிரீட்டுக்கு முன்பே மோட்டார் ஒயருக்குக் காலிக் குழாய் புதைத்தோம். பிறகென்றால் தரையை உடைக்க வேண்டும்.

"மோட்டார் எப்போ வாங்கலாம்?" என்றேன் மனைவியிடம்.

"எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே!"