நாற்பது பிளேட் மீன்

மதியச் சாப்பாட்டு வேலை ஓய்ந்து, இரவு வேலை சூடு பிடிக்கும் முன் உள்ள மூன்று மணிக்குத்தான் நட்சத்திர ஹோட்டல் கிச்சனை நிதானமாகப் பார்க்க முடியும். சென்னையில் அப்படி ஒரு கிச்சனுக்குள் போக எனக்கு அனுமதி கிடைத்தது. தலைக்கு ஒரு வலைத்தொப்பியைக் கொடுத்து, சூ செஃப் என்னை நேராக மீனும் இறைச்சியும் வெட்டும் அறைக்கு அழைத்துப் போனார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். கேட்டரிங் டிப்ளமா முடித்து, அடிமட்டமான கமி மூன்றாகச் சேர்ந்தவர். இப்போது எக்ஸிகியூட்டிவ் செஃப் ஊரில் இல்லாத நாட்களில் கிச்சன் முழுக்க அவர் பொறுப்பில்தான் ஓடுகிறது.

அறைக்குள் குளிர். நீலப் பலகையின் மேல் வஞ்சிரம். மீனுக்கு நீலம், பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, காய்கறிக்குப் பச்சை என்று பலகையின் நிறத்தை மாற்றவே கூடாது. கமி இரண்டு நிலையில் உள்ள ஒரு தம்பி வேகமாகத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். சூ செஃப் ஒரு துண்டை எடுத்துத் தராசில் வைத்தார். 170 கிராம்.

"கை பழகிடுச்சு செஃப். அளவு சரியாத்தான் வரும்."

"பழகட்டும்பா. ஆனா ஒவ்வொண்ணையும் தராசுல வை."

பிறகு என் பக்கம் திரும்பிக் கணக்கைச் சொன்னார். அன்று முழு மீனாக வந்தது 10 கிலோ, கிலோ 800 ரூபாய். தலை, குடல், நடுமுள் போக அவர்களுக்குக் கிடைத்த சதை 6 கிலோ. அப்படியானால் வாங்கியது 800 என்றாலும், சமைக்கக் கிடைக்கும் சதை கிலோ 1,333 ரூபாய் ஆகிவிடுகிறது. மெனுப்படி ஒரு துண்டு 150 கிராம் என்றால் 40 பிளேட் வரும், பிளேட்டுக்கு மீன் செலவு 200. துண்டு 170 கிராமாகப் போனால் 35 பிளேட்டோடு மீன் தீர்ந்துவிடும், செலவும் 227 ரூபாய்க்கு ஏறிவிடும். காணாமல் போன அந்த ஐந்து பிளேட்டை யாரும் திருடவில்லை, குப்பையிலும் போடவில்லை. அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம். மாதக் கடைசியில் செலவு ஏறி நிற்கும்போதுதான் தெரியவரும், அப்போது எந்தக் கத்தியில் போனது என்று சொல்ல ஆள் இருக்காது.

தலையையும் முள்ளையும் அந்தத் தம்பி ஸ்டாக் வைக்கத் தனியே எடுத்து வைத்திருந்தார். முள்ளில் ஒட்டிய சதையைக் கரண்டியால் சுரண்டி, கட்லெட்டுக்கு என்று எழுதி ஒட்டியிருந்தார். அதைப் பார்த்து சூ செஃப் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார். கமி இரண்டு கமி ஒன்றாவது இப்படிப்பட்ட இடங்களில்தான் என்று எனக்குப் பட்டது.

இந்தப் படிநிலையைச் சமையல் உலகுக்கு முறையாக அமைத்துக் கொடுத்தவர் பிரெஞ்சு செஃப் ஆகஸ்ட் எஸ்கோஃபியே. 1890இல் லண்டன் சவாய் ஹோட்டலுக்கு வந்தவர், ஒரு உணவை ஒருவரே ஆதி முதல் அந்தம் வரை செய்யும் பழக்கத்தை விட்டு, சாஸுக்கு ஒரு பகுதி, சுடுவதற்கு ஒன்று, காய்கறி முட்டைக்கு ஒன்று, குளிர்ந்த உணவுக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்தார். ஒரே பிளேட்டின் பாகங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு கைகளில் தயாராகின. நம் ஊர் ஹோட்டல்கள் அதோடு தந்தூர், கறி, தென்னிந்தியப் பகுதி, மிட்டாய்க்கு ஹல்வாய் என்று சேர்த்துக்கொண்டன.

கமி மூன்று தன் பலகைக்குப் பதில் சொல்ல வேண்டும். வெங்காயம் உரிப்பது, கீரை அலசுவது, பாத்திரத்தில் தேதி எழுதி ஒட்டுவது அவர் வேலை. கமி ஒன்று ஓர் அடுப்பைத் தனியாகச் சமாளிப்பார். டெமி செஃப், பொறுப்பாளர் லீவில் போனால் பகுதியைத் தாங்குவார். சி.டி.பி. எனும் செஃப் டி பார்ட்டி தன் பகுதி முழுவதற்கும் பொறுப்பு. சூ செஃப் எல்லாப் பகுதிக்கும், அதோடு நாளைய கிச்சனுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். என்னை அழைத்துப் போனவர் இந்த நிலைக்கு வந்து சேரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதில் அதிக காலம் ஓடியது சி.டி.பி.யாகத்தான்.

அது ஏன் என்று இரவு எட்டரைக்குப் புரிந்தது. உணவு வெளியே போகும் மேடையை பாஸ் என்கிறார்கள். அங்கே சூ செஃப் கையில் கரண்டி இல்லாமல் நின்றார். பன்னிரண்டாம் டேபிளுக்கு ஒரு ஆர்டர் சீட்டு வந்தது: வஞ்சிரம் கிரில், காளான் பாஸ்தா, பனீர் பட்டர் மசாலா, பட்டர் நான். மீனுக்கு ஒன்பது நிமிடம், கிரேவிக்கு ஐந்து, ஏற்கனவே வேகவைத்த பாஸ்தாவுக்கு நான்கு, நானுக்கு இரண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் மேடைக்கு வர வேண்டும். அவர் மீனை மட்டும் முதலில் கூப்பிட்டார். நான்காம் நிமிடத்தில் கிரேவி, ஐந்தாம் நிமிடத்தில் பாஸ்தா. தந்தூரில் இருந்தவர் தன் கை வேகத்தில் கூப்பிடும் முன்பே நானைப் போட்டுவிட்டார். மீன் வந்தபோது பட்டர் நான் மேடையில் விறைத்துக் கிடந்தது. சூ செஃப் ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தார், தோல் மாதிரி இழுத்தது. குரலை உயர்த்தாமல் "அண்ணே, இன்னொண்ணு போடுங்க" என்றார். மீன் பிளேட்டைச் சூடு விளக்கின் கீழ் நகர்த்திவிட்டு அடுத்த சீட்டைப் படித்தார்.

அந்தத் தந்தூர் அண்ணன் இவருக்கு மூத்தவர். களிமண் சுவரில் மாவை ஒட்டும் அவர் கைக்கு ஈடாக அங்கே ஆளே கிடையாது. ஆனால் வேறு பகுதிக்குப் போக அவர் விரும்பியதில்லை, கணக்கு எழுதவும் விரும்பியதில்லை. ஒரு பகுதியில் ஆழமாக இறங்கி அங்கேயே நிற்பதும் ஒரு முழு வாழ்க்கைதான். அவர் இல்லாத கிச்சன் நொண்டும். சூ செஃப் ஆவதற்கு மட்டும் வேறு பாதை தேவை. இவர் கமி காலத்திலேயே கேட்டுக் கேட்டு மூன்று பகுதிகளில் மாறி மாறி வேலை பார்த்தார். சி.டி.பி. ஆனபின் மாட்டிக்கொண்டது கையை விட முடியாமல்தான். "கூட்டம் ஏறினா நானே கடாயைப் பிடுங்கிப்பேன். என் அடுப்பு ஓடும், பக்கத்து அடுப்பு கருகுறது தெரியாது" என்றார். பெரிய செஃப் அவரைப் பாஸில் நிற்கவைத்து, எதையும் தொடாதே என்று பல மாதம் பழக்கியிருக்கிறார். திறமையான சமையல்காரருக்கு இதைவிடக் கொடுமையான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பத்தரைக்கு மேல் மறுநாளைக்கான வேலை. ஸ்டோரிலிருந்து வாங்கும் பட்டியலை இன்டென்ட் என்கிறார்கள். மதியம் மீன் வெட்டிய தம்பியை அருகே உட்கார வைத்து, நீயே எழுது என்றார் சூ செஃப். தம்பி கொத்தமல்லி ஆறு கிலோ என்று எழுதினார்.

"ஏன் ஆறு?"

"நாளைக்கு 200 பேர் பார்ட்டி செஃப். தினம் நாலு போகுது, ரெண்டு சேர்த்தேன்."

"பார்ட்டி மெனுவைப் பார்த்தியா?"

தம்பி தாளைப் புரட்டினார். மறுநாள் பார்ட்டி முழுக்க கான்டினென்டல், பச்சைச் சட்னி எங்குமே இல்லை. அதற்குள் சூ செஃப் குளிர்அறையை எட்டிப் பார்த்து, இன்றைய கொத்தமல்லி ஒன்றரை கிலோ நல்ல நிலையில் மிச்சம் என்று சொன்னார். தம்பி ஆறை அடித்து இரண்டரை என்று எழுதினார். அடுத்த வரி புதினா. அதை எழுதும் முன் அவரே எழுந்து குளிர்அறைக்குப் போனார்.