காய்ச்சல் குழந்தைக்கு தெர்மாமீட்டரைவிட முக்கியமான மூணு கணக்கு!

அக்கா மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். காலையில் மூக்கொழுகலாக ஆரம்பித்தது, சாயங்காலத்துக்குள் 102 டிகிரி காய்ச்சலாகிவிட்டது. மாமா வெளியூரில் இருந்ததால், அந்த மூன்று ராத்திரியும் அக்காவுக்கு நான்தான் துணை.

டாக்டர் பார்த்துவிட்டு, "வைரஸ் சளிதான், ஆன்டிபயாடிக் வேண்டாம். டிகிரியை மட்டுமே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. எவ்வளவு குடிக்கிறான், எப்போ ஒண்ணுக்குப் போறான், எப்படி மூச்சு விடுறான்... இந்த மூணையும் குறிச்சு வைங்க" என்றார். என் மொபைலில் ஒரு நோட் திறந்தேன்.

காய்ச்சல் நேரத்தில் உடம்பிலிருந்து நீர் வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறும். ஆனால் மூக்கு அடைத்த குழந்தையால் மூச்சு விட்டுக்கொண்டே பால் குடிக்க முடியாது. இரண்டு வாய் குடித்ததும் அழுதுகொண்டே திரும்பிக்கொள்வான். அதனால் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு, டாக்டர் எழுதிய உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்தை ஒவ்வொரு மூக்கிலும் விட்டு, சளி இளகியதும் மெல்லிய துணியால் துடைத்தோம். அம்மா கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயோடு வந்தார். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பையே வரவழைக்கலாம் என்று சொன்னதும், மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துவிட்டார்.

டம்ளரை நீட்டினால் தட்டிவிட்டான். எனவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுத்தோம். தாய்ப்பால், தண்ணீர், நீர்க்கஞ்சி, மிளகு குறைத்த ரசத்தண்ணி என எது இறங்கியதோ அது. ஒரு ஸ்பூன் 5 மில்லி என்றால், ஒரு மணி நேரத்தில் 60 மில்லி உள்ளே போய்விடும். ஒரே மூச்சில் குடிக்கவைத்து வாந்தி எடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். சோறு சாப்பிடவில்லையே என்று அம்மா புலம்பினார். ஓரிரு நாள் சாப்பாடு குறைந்தால் பரவாயில்லை, நீர்தான் குறையக் கூடாது.

மருந்தில் ஒரு விஷயம். அவன் எடை 11 கிலோ. டாக்டர் எழுதியது, 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் பாராசிட்டமால் சிரப், ஒரு வேளைக்கு 3 மில்லி. அதாவது 150 மில்லிகிராம். வீட்டில் ஏற்கெனவே இருந்த பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம்தான். அதில் இதே அளவுக்கு 6 மில்லி வேண்டும். அந்த 6 மில்லியைப் புது பாட்டிலிலிருந்து ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும்! எனவே, லேபிளைப் படித்து, பாட்டிலோடு வரும் அளவு மூடியிலோ சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும். இருமல், சளி சிரப்பை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது.

ஸ்வெட்டரைக் கழற்றி, மெல்லிய பருத்திச் சட்டை மட்டும் போட்டுவிட்டோம். காய்ச்சல் மருந்து குழந்தையின் அவஸ்தையைக் குறைக்கத்தான். நிம்மதியாகத் தூங்கினால் அதற்காக எழுப்ப வேண்டியதில்லை.

இரண்டாவது ராத்திரிதான் பயமுறுத்தியது. இரவு 9 மணிக்கு ஒண்ணுக்குப் போனவன், 2 மணி வரை போகவில்லை. உடம்பு 103 டிகிரி, மூச்சு வேகமாக இருந்தது. மருந்து கொடுத்து, ஸ்பூன் கணக்கைத் தொடர்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அவன் தூங்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். 32. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால்தான் அது வேகமான மூச்சு. 4 மணிக்கு டயப்பர் கனத்தது. அக்கா அப்போதுதான் படுத்தாள். 8 மணி நேரம் ஆகியும் போகாமல் இருந்திருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் கிளம்பியிருப்போம்.

உடனே கிளம்ப வேண்டிய மற்ற அறிகுறிகளையும் அந்த நோட்டிலேயே எழுதி வைத்திருந்தேன். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, எதையும் குடிக்காமல் இருப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, அழுதும் கண்ணீர் வராதது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் இருந்தால் மறுபடியும் காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு உடனே நிம்மதியாகிடாதீங்க. டெங்குவா இருந்தா காய்ச்சல் இறங்குற அந்த நேரம்தான் ஆபத்து. விடாத வாந்தி, வயித்து வலி, ஜில்லுனு கை கால், சோர்வு இருந்தா அன்னிக்கே கூட்டிட்டு வாங்க." அதனால், காய்ச்சல் இறங்கிய பிறகும் இரண்டு நாள் அந்த நோட்டை மூடவில்லை.